வேலை முடிந்த பிறகு மூன்றரை மணி நேரம்: நெல்லையில் பைக்கும் போனும் வைத்து உணவு டெலிவரி செய்ய முழுமையான வழிகாட்டி

பகலில் ஒரு வேலை இருக்கிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பைக்கை எடுத்து உணவு டெலிவரி ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே இரண்டு வருடம் இப்படி ஓட்டினேன். எனக்குப் பின்னால் சேர்ந்த ஏழெட்டுப் பேருக்கு முதல் வாரம் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்தார்கள். முதலில் ஆப்பை இறக்கினார்கள், பிறகு ஓட்டினார்கள், கடைசியில்தான் வண்டிக்கு என்ன செலவாகிறது என்று பார்த்தார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

## 1. முதலில் பகல் வேலையிடம் கேளுங்கள்

அரசு ஊழியர்கள் முன் அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்ய நடத்தை விதிகள் இடம் தராது. தனியார் நிறுவனங்களிலும் பணி நியமனக் கடிதத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். வண்ணாரப்பேட்டை சிக்னலில் கம்பெனி டிஷர்ட்டோடு நிற்கும்போது மேலாளர் பார்த்துவிட்டுக் கேட்பதைவிட, நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. இந்த ஊரில் யாரும் யார் கண்ணிலும் படாமல் ஓட்ட முடியாது.

## 2. வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று அளந்து பாருங்கள்

ஆப்பில் சேருவதற்கு முந்தின வாரமே இதைச் செய்துவிட வேண்டும். ஓட்ட ஆரம்பித்தபின் அளக்கப் பொறுமை இருக்காது.

பெட்ரோல் டேங்கை வாய் வரை நிரப்பாமல், பங்கில் துப்பாக்கி தானாக நிற்கும் அளவுக்கு நிரப்புங்கள். ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கைந்து நாள், டெலிவரிக்குப் போவதுபோலவே சாயங்கால நெரிசலில் ஊருக்குள் ஓட்டுங்கள். சமாதானபுரத்திலிருந்து முருகன்குறிச்சி, அங்கிருந்து மகாராஜநகர், திரும்பப் பாளை பேருந்து நிலையம் என்று நின்று நின்று போக வேண்டும். அதே பங்கில் அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும்.

என் வண்டி நாற்கரச் சாலையில் 60 கொடுத்தது, ஊருக்குள் 45தான். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 27 காசு ஆகிறது. ஆனால் செலவு பெட்ரோலோடு நிற்பதில்லை. ஆயில், பிரேக் ஷூ, செயின் செட், இரண்டு டயர், அவ்வப்போது பஞ்சர் எல்லாம் சேர்த்து ஒரு வருடம் நோட்டில் எழுதிப் பார்த்ததில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 75 காசு வந்தது. மொத்தம் மூன்று ரூபாய். அன்றிலிருந்து ஓடோமீட்டர் காட்டுவதை மூன்றால் பெருக்கித்தான் என் செலவைப் பார்க்கிறேன். உங்கள் வண்டிக்கு வேறு எண் வரும், பழைய வண்டியாக இருந்தால் கூடும்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி மூன்றாம் நாள் சந்தோஷமாக வந்து, "அண்ணே, இன்னைக்கு நானூறு ரூவா ஓட்டிட்டேன்" என்றான். "பெட்ரோல் எவ்வளவுடே போட்ட?" என்றேன். "அது வழக்கமாப் போடுறதுதானண்ணே" என்றான். அந்தப் பெட்ரோல் அவன் சம்பளப் பணத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. மாதக் கடைசியில்தான் அவனுக்கு அது உறைத்தது.

## 3. ஆவணங்களும் இன்சூரன்சும்

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், பான், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். உரிமத்தில் எந்த வகை இருக்கிறது என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எடுத்த உரிமத்தை வைத்துக் கியர் பைக் ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். பானிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்தும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதும் இருந்தால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதனால்தான் ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

நண்பனுடைய டெலிவரி ஐ.டி.யை வாங்கி ஓட்டாதீர்கள். விபத்து நடந்தால் கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு ஐ.டி.க்கு உரியவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். நாம் சொந்த உபயோகத்துக்கென்று எடுக்கும் இருசக்கர வாகன பாலிசியில் வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும், சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். ஆகவே ஆர்டரோடு போகையில் வண்டி அடிபட்டால் நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க முடியும். வாயால் கேட்டால் ஏஜென்ட், "அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்பார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்பி, டெலிவரிக்கு ஓட்டினால் பாலிசி செல்லுமா, கூடுதல் பிரீமியம் கட்டி மாற்ற வழியுண்டா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டெலிவரி கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு வேறு. அது ஆன்லைனில் இருக்கும்போது மட்டுமா, ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, வீடு திரும்பும் வழியிலும் செல்லுமா என்று ஆப்பிலேயே படித்துக்கொள்ளுங்கள். அந்தக் காப்பீட்டு விவரத்தைப் படமெடுத்து வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். விழுந்து கிடப்பவர் ஆப்பைத் திறந்து தேட முடியாது.

தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் இருக்கிறது. ஐ.டி. கிடைத்த வாரமே தொழிலாளர் துறையில் கேட்டு அதில் பதிவு செய்துவிடுங்கள்.

## 4. சேரும்போது

ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டுமே நெல்லையில் இருக்கின்றன. ஓட்டுகிறவர்களுக்கான ஆப் தனி. வாடிக்கையாளர் ஆப்பில் அதைத் தேட வேண்டாம். பை, டிஷர்ட்டுக்கு ஒரு தொகை கேட்பார்கள். அதை ஆப்புக்குள்ளேயே மட்டும் கட்டுங்கள். "நான் சீக்கிரம் ஐ.டி. போட்டுத் தாரேன்" என்று ஜிபே நம்பர் கொடுக்கிறவருக்குக் கட்டினால் அந்தப் பணம் திரும்பாது.

உங்களைச் சேர்த்துவிடுபவருக்கும் பரிந்துரைத் தொகை கிடைக்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும். அவர் சொல்லும் வருமானத்தைக் கேட்டுவிட்டு, அவர் வண்டியின் கிலோமீட்டரையும் கேளுங்கள்.

## 5. போனைத் தயார் செய்தல்

ஆர்டர் வரும், அடித்து ஓயும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. புதியவர்கள் முதல் வாரத்தில் அதிகம் சொல்லும் குறை இது. பெரும்பாலும் காரணம் நெட்வொர்க் இல்லை. திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு போன் பேட்டரியைச் சேமிக்க ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது.

போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் Battery என்பதில் Unrestricted என்று மாற்றுங்கள். Location என்பதில் Allow all the time கொடுங்கள். மற்ற ஆப்புகளின் மேல் தோன்றும் அனுமதியையும் கொடுங்கள், அப்போதுதான் மேப் திறந்திருக்கும்போதும் ஆர்டர் திரையில் வரும். சில கம்பெனி போன்களில் தானாகத் தொடங்குவதற்கென்று இன்னொரு அனுமதி தனியாக இருக்கும். மாற்றிவிட்டு, திரையை அணைத்துப் போனைப் பையில் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆப் ஆஃப்லைனுக்குப் போகாமல் இருந்தால் வேலை முடிந்தது.

போனைக் கைப்பிடியில் மாட்டும் ஸ்டாண்டு வாங்கும்போது, அதிர்வைத் தாங்கும் ரப்பர் உள்ளதா என்று பாருங்கள். படம் நடுங்காமல் பிடிக்க உதவும் ஓ.ஐ.எஸ். வசதியுள்ள கேமராக்கள் பைக் என்ஜினின் அதிர்வில் கெட்டுப்போகலாம். எனக்கு அப்படி ஒரு போனில் கேமரா போனது. இரண்டு மூன்று வாரம் எழுத்து மங்கலாக விழுந்தது, பிறகு ஃபோகஸே ஆகவில்லை. நல்ல போன் வைத்திருப்பவர்கள் டெலிவரிக்கென்று பழைய போனை மாட்டுவது மேல். பவர் பேங்கும், மழைக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையும் கட்டாயம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

## 6. ஆற்றுக்கு ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊரைத் தாமிரபரணி இரண்டாக வெட்டுகிறது. ஜங்ஷன், டவுன், பேட்டை, தச்சநல்லூர் ஒரு கரையில். வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டை, மகாராஜநகர், பெருமாள்புரம், மேலப்பாளையம், கே.டி.சி. நகர் மறு கரையில். சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை பாலத்தைக் கடப்பதற்கும், அதன் இரு முனையிலும் நிற்பதற்கும் போகும் நேரத்தை எந்த ஆர்டரும் ஈடு கட்டுவதில்லை. கடந்த பிறகு அங்கே உங்களுக்குத் தெரிந்த கடையும் இருக்காது, தெருவும் தெரியாது. காலியாகத் திரும்பி வருவீர்கள்.

என் நோட்டிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமையை அப்படியே தருகிறேன். ஏழு மணிக்கு ஆன்லைனுக்கு வந்து பத்தரைக்கு முடித்தேன். ஏழு ஆர்டர். ஆப் காட்டிய தொகைகள் 28, 34, 25, 52, 31, 27, 41. கூட்டினால் 238. ஆறு ஆர்டரைத் தொட்டதற்கு ஊக்கத்தொகை 40. ஆக 278 ரூபாய். ஓடோமீட்டரில் 46 கிலோமீட்டர், அதாவது 138 ரூபாய் செலவு. கையில் நின்றது 140. மணிக்கு நாற்பது ரூபாய்.

அந்த 52 ரூபாய் ஆர்டர் வந்தபோது அன்றைய பெரிய ஆர்டர் என்று மகிழ்ந்து எடுத்தேன். பாளை மார்க்கெட் பக்கத்துக் கடையிலிருந்து பேட்டைக்கு. கடைக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர், அங்கிருந்து பேட்டைக்கு எட்டு, காலியாகத் திரும்ப ஒன்பது. மொத்தம் பதினெட்டரை கிலோமீட்டர், செலவு 55 ரூபாய் 50 காசு. என் கையிலிருந்து மூன்றரை ரூபாய் போட்டு ஒருவருக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஐம்பது நிமிடமும் போனது. அதை எடுக்காமல் மற்ற ஆறை மட்டும் முடித்து வீட்டுக்குப் போயிருந்தால், 143 ரூபாய் 50 காசு இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் நின்றிருக்கும்.

ஆகவே ஆர்டர் திரையில் தொகையைப் பார்க்கும் முன் இறக்கும் இடத்தைப் பாருங்கள். கடைக்குப் போகும் தூரம், இறக்கும் தூரம், திரும்பும் தூரம் மூன்றையும் கூட்டி உங்கள் கிலோமீட்டர் செலவால் பெருக்குங்கள். இரண்டு வாரத்தில் இது மனக்கணக்காகிவிடும்.

மறுத்துக்கொண்டே இருந்தால் ஊக்கத்தொகை தகுதி போகலாம். ஆகையால் நிற்கும் இடத்தை மாற்றுவதுதான் நல்ல வழி. தனியாக நிற்கும் பெயர்பெற்ற பிரியாணிக் கடை வாசலில் நின்றால் ஊரெங்கும் இருந்து ஆர்டர் வரும், தூரமும் கூடும். பத்துப் பதினைந்து சிறு கடைகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே நின்றால் பக்கத்துத் தெரு ஆர்டர்கள் வரும். எனக்கு மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் அப்படி அமைந்தது. அங்கேயே நின்ற வெள்ளிக்கிழமை ஒன்றில் அதே மூன்றரை மணி நேரத்தில் ஒன்பது ஆர்டர், ஊக்கத்தொகையோடு 328 ரூபாய், 41 கிலோமீட்டர். செலவு 123 போக 205 நின்றது.

நீங்கள் தேர்ந்த கரைக்குள்ளும் தடைகள் உண்டு. குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடினால் ஆர்டர் கையில் இருக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஆகவே சாயங்கால ரயில்கள் கடக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பக்கத்தைத் தேர்ந்தவர்கள் ஆனித் தேரோட்ட நாட்களில் ரத வீதிகளை மறந்துவிட வேண்டும். பாளையில் தசரா நாட்களுக்கும் இதேதான்.

## 7. கடையில் ஐந்து நிமிடம்

பொட்டலத்தை வாங்கும் முன் ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி, பில்லோடு ஒப்பிடுங்கள். கூட்ட நேரத்தில் இரண்டு பரோட்டா பார்சல் மாறிப் போவது சாதாரணம், மாறினால் இரண்டு ஓட்டுநருக்கும் தலைவலி. பிறகு எண்ணிக்கையைப் பாருங்கள். சால்னா பை தனியாக வந்திருக்கிறதா என்பதை நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். பரோட்டாவுக்குச் சால்னா வரவில்லை என்றால் நெல்லையில் அந்த வாடிக்கையாளர் உங்களை மன்னிக்க மாட்டார்.

சால்னாவையும் சாம்பாரையும் பையின் அடியில் நிமிர்த்தி வைத்து, பரோட்டாவை ஓரமாக அணைகொடுத்து வையுங்கள். மேலே வைத்தால் முதல் வேகத்தடையில் கவிழும்.

கடைக்குப் போனதும் வந்துவிட்டேன் என்ற பட்டனை அங்கே நின்றுதான் அழுத்த வேண்டும். முன்கூட்டியே அழுத்தினால் ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்துவிடும். மறந்து தாமதமாக அழுத்தினால் நீங்கள் காத்திருந்த நேரம் பதிவாகாது. உணவைக் கையில் வாங்காமல் எடுத்துவிட்டேன் என்று அழுத்தவும் கூடாது. கடைக்காரர், "அழுத்திருங்க தம்பி, ரெண்டே நிமிசம்" என்று அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அழுத்திய நொடியிலிருந்து தாமதம் உங்கள் கணக்கில் ஏறும்.

## 8. வீட்டு வாசலில்

மேப்பில் இருக்கும் புள்ளி பல சமயம் வாடிக்கையாளர் ஆர்டர் போட்ட இடத்தில் இருக்கும், வீட்டில் இருக்காது. பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி மாதிரி ஒரே சாயலில் தெருக்கள் உள்ள இடங்களில் புள்ளியை நம்பிப் போனால் இரண்டு மூன்று தெரு தள்ளி நிற்பீர்கள். கடையிலிருந்து கிளம்பும் முன்பே முகவரியை வாசித்து, சந்தேகம் இருந்தால் அங்கேயே வண்டியை நிறுத்திவைத்துப் பேசுங்கள். "அக்கா, உங்க வீட்டுப் பக்கத்துல என்ன கோயில் இருக்கு?" என்று கேட்டால் பதில் உடனே வரும். தெரு எண்ணைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாமல் இருக்கும்.

ஓட்டும்போது காதில் போனை வைக்காதீர்கள். பேச வேண்டும் என்றால் ஓரங்கட்டுங்கள்.

## 9. கையில் வரும் ரொக்கம்

பணம் கொடுத்து வாங்கும் ஆர்டர்களில் வாடிக்கையாளர் தரும் ரொக்கம் உங்கள் பணம் இல்லை. ஆப்பில் அது கடனாக ஏறிக்கொண்டே வரும். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஆர்டர் நின்றுவிடும். புதியவர்கள் அந்தப் பணத்திலேயே பெட்ரோல் போட்டு டீயும் குடித்துவிட்டு, வாரக் கடைசியில் கட்ட முடியாமல் திணறுவார்கள். சட்டைப் பையில் சொந்தப் பணம், பேன்ட் பையில் கம்பெனிப் பணம் என்று பிரித்து, அன்றன்றே ஆப் வழியாகக் கட்டிவிடுங்கள். கிளம்பும்போது பத்து, இருபது ரூபாய் தாள்களாக 200 ரூபாய் சில்லறை வைத்திருங்கள். சில்லறை தேடிப் பத்து நிமிடம் அலைந்தால் ஒரு ஆர்டர் போனது.

வாடிக்கையாளர் ஜிபே அனுப்பிவிட்டேன் என்று திரையைக் காட்டினால் போதாது, பணம் உங்கள் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். யாராவது கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று அழைத்து ஓ.டி.பி. கேட்டால் வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் இப்படி ஒரு இரவில் 2,300 ரூபாய் இழந்தான். அது அவனுடைய இரண்டு வாரச் சாயங்காலம்.

## 10. நோட்டும், நிறுத்த வேண்டிய இடமும்

ஒவ்வொரு இரவும் ஐந்து எண்களை எழுதுங்கள்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், தொடக்க ஓடோமீட்டர், கடைசி ஓடோமீட்டர், ஆப் தொகை. ஆப் காட்டும் தூரத்தை எழுதாதீர்கள். காலியாகத் திரும்பியதும், நிற்க இடம் தேடிச் சுற்றியதும் அதில் இராது. என் செவ்வாய்க்கிழமையில் ஆப்பின் கணக்குப்படி ஓடியது 31 கிலோமீட்டர், வண்டி ஓடியது 46.

கம்பெனி வரி பிடித்திருந்தால் அது வருமான வரித் தளத்தில் Form 26AS என்பதில் தெரியும். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பகல் சம்பளத்தையும் இதையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

மூன்று வாரம் எழுதிய பிறகு எந்தக் கிழமைகளில் மணிக்கு ஐம்பது ரூபாய்க்குக் கீழே நிற்கிறது என்று பாருங்கள். எனக்குத் திங்களும் செவ்வாயும் அப்படி. அந்த இரண்டு நாளையும் விட்டுவிட்டேன். வாரத்தில் ஐந்து நாள் ஓட்டியபோது நின்றதற்கும் மூன்று நாள் ஓட்டியபோது நின்றதற்கும் மாதக் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் டயர் ஐந்து மாதம் கூடுதலாக உழைத்தது.

பத்தரைக்கு மேல் இன்னும் ஒன்று எடுத்தால் அடுத்த ஊக்கத்தொகை என்று ஆப் காட்டும். அப்போது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் எடுக்காதீர்கள். கடைசி ஆர்டரை வீட்டுப் பக்கம் இறக்கும்படி பத்து மணிக்கே தேர்ந்து, இறக்கிய வாசலிலேயே ஆஃப்லைனைப் போட்டுவிட்டு, ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.